எட்டாம் மாத சிபிசியில் தடித்த எழுத்தில் வந்த மூன்று எண்கள்

கேள்வி: எனக்கு 31 வாரம், முதல் குழந்தை. நேற்று எடுத்த சிபிசி ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணு 13,400, நியூட்ரோபில் 80%, லிம்போசைட் 14%, பிளேட்லெட் 1.24 லட்சம், ஹீமோகுளோபின் 10.4, எம்சிவி 78. எல்லாம் தடித்த எழுத்தில் இருக்கிறது. 11-வது வாரத்தில் வெள்ளை அணு 8,900, லிம்போசைட் 25%, பிளேட்லெட் 1.92 லட்சம், ஹீமோகுளோபின் 11.8, எம்சிவி 86. காய்ச்சல் இல்லை, பிபி 110/70. உடம்பில் எங்கோ இன்ஃபெக்ஷனா, டெங்குவா? ஹீமோகுளோபின் கொஞ்சம்தான் குறைவு, அது பரவாயில்லை. பிளேட்லெட் ஏற பப்பாளி இலைச் சாறு குடிக்கலாமா?

பதில்:

நீங்கள் பயப்படுகிற வெள்ளை அணு, பிளேட்லெட் இரண்டு எண்களும் பெரும்பாலும் கர்ப்பத்தின் வேலைதான். பரவாயில்லை என்று ஒதுக்கிவிட்ட மூன்றாவதுக்குத்தான் இந்த வாரமே ஏதாவது செய்ய வேண்டும். பப்பாளி இலைச் சாறு வேண்டாம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நான் லேபில் ஸ்லைடு பார்க்கிற டாக்டர். இப்படி ஒரு ரிப்போர்ட்டையும் அதைத் தொடர்ந்து வருகிற பதற்றமான போனையும் வாரத்துக்கு நான்கைந்து தடவையாவது பார்க்கிறேன்.

ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் 'நார்மல்' என்று அச்சாகியிருக்கும் எல்லைகள் கர்ப்பமாக இல்லாத பெரியவர்களுக்கானவை. பெரும்பாலான லேப் மென்பொருளில் கர்ப்பத்துக்கென்று தனி எல்லை கிடையாது. நீங்கள் எத்தனையாவது வாரம் என்பது அதற்குத் தெரியாது. அதனால் அது உங்களை வேறு யாரோடோ ஒப்பிட்டுவிட்டு எழுத்தைத் தடிப்பாக்குகிறது. உங்களை ஒப்பிட வேண்டியது 11-வது வாரத்தில் இருந்த உங்களோடுதான். அந்தப் பழைய ரிப்போர்ட்டை எடுத்து வைத்திருந்தீர்களே, அதுதான் இப்போது பாதி வேலையை முடித்துத் தருகிறது.

வெள்ளை அணுவை முதலில் முடித்துவிடுவோம். ரத்தக் குழாயில் இருக்கிற நியூட்ரோபில்களில் ஏறக்குறைய பாதி ரத்தத்தோடு ஓடுவதில்லை, குழாயின் சுவரை ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஊசியில் எடுக்கிற ரத்தத்தில் அவை வருவதில்லை. கர்ப்பத்தில் கார்டிசோல், ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. சுவரில் இருந்தவற்றில் ஒரு பகுதி இறங்கி ஓட்டத்தில் கலக்கிறது, எலும்பு மஜ்ஜையும் கூடுதலாக உற்பத்தி செய்கிறது, வந்த அணுக்களும் வழக்கத்தைவிடத் தாமதமாக அழிகின்றன. கிருமி எதுவும் இல்லாமலே எண்ணிக்கை ஏறிவிடும். ஆக்ஸ்போர்டில் கர்ப்பிணிகளிடம் எடுத்து 2021-ல் வெளியான கணக்கின்படி பிரசவத்துக்கு முந்தைய இயல்பு எல்லையே சுமார் 5,700 முதல் 15,000 வரை. உங்கள் 13,400 அதற்குள் அடங்கிவிடுகிறது. பிரசவ வலி வந்துவிட்டால் 20,000, 25,000 என்று போவதும் உண்டு. பிரசவத்துக்கு மறுநாள் எடுத்த சிபிசியைப் பார்த்து "அம்மாவுக்கு இன்ஃபெக்ஷன்" என்று வீட்டில் கலவரமாவது பெரும்பாலும் இதனால்தான்.

லிம்போசைட் 25%-லிருந்து 14%-க்கு இறங்கியது பெரிய வீழ்ச்சி போலத் தெரியும். சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையாகப் பாருங்கள். அன்று 8,900-ல் 25% என்றால் 2,225. இன்று 13,400-ல் 14% என்றால் 1,876. லேசாகத்தான் குறைந்திருக்கிறது, அதுவும் கர்ப்பத்தில் இயல்பு. நியூட்ரோபில் பெருகியதால் லிம்போசைட்டின் பங்கு சுருங்கிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் மெல்லியதாகப் பரப்பிப் பார்க்கிற ஸ்மியரில் ஒன்றிரண்டு முதிராத வெள்ளை அணுக்கள் தெரிந்தாலும் கர்ப்பத்தில் அதை வைத்து மட்டும் நாங்கள் எதையும் சொல்வதில்லை.

அப்படியானால் கர்ப்பத்தில் இன்ஃபெக்ஷனை எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளை அணுவை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் நேர்மையான பதில். காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இடுப்புக்கு மேலே விலாப்பக்கம் வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், பனிக்குட நீர் கசிவு, இவற்றில் ஏதாவது இருந்தால் எண் 9,000 ஆக இருந்தாலும் தேட வேண்டும். எதுவும் இல்லை என்றால் 13,400-க்காக ஆன்டிபயாடிக் சாப்பிடத் தேவையில்லை. ஈஎஸ்ஆர் பார்த்து உறுதி செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அதற்குப் பணம் கட்டாதீர்கள். கர்ப்பத்தில் அது தானாகவே ஏறிவிடும், எதையும் உறுதி செய்யாது. இன்னொன்று: குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு வெள்ளை அணு இன்னும் மேலே போகும். அந்த நாட்களில் எடுத்த சிபிசி என்றால் ஊசி போட்ட விவரத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, பிளேட்லெட்டுக்கு வருவோம்.

கர்ப்பத்தில் பிளேட்லெட் குறைவது விதி, விலக்கு அல்ல. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுவதால் எல்லா அணுக்களும் கொஞ்சம் நீர்த்துப்போகின்றன. அதோடு மண்ணீரல் சற்றுப் பெரிதாகி அதிகப் பிளேட்லெட்டைத் தன்னிடம் தேக்கிக்கொள்கிறது. நஞ்சுக்கொடியின் ரத்தக் குளத்திலும் கொஞ்சம் செலவாகிறது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 7,351 பெண்களின் பிரசவக் கணக்கை எடுத்து 2018-ல் வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதங்களிலேயே இறக்கம் தொடங்கிவிடுகிறது. பிரசவ நேரத்தில் சராசரி 2.17 லட்சம். எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பிணிகளிலேயே பத்தில் ஒருவருக்குப் பிரசவத்தின்போது 1.5 லட்சத்துக்குக் கீழே இருந்தது. ஆனால் ஒரு லட்சத்துக்குக் கீழே போனவர்கள் நூற்றில் ஒருவர்தான். ஒரு லட்சம் என்ற கோட்டை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வது இதனால்தான். அதற்கு மேலே இருந்தால் கர்ப்பமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கீழே இறங்கினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

உங்களுக்கு 1.92-லிருந்து 1.24. ஏறக்குறைய 35% இறக்கம். சராசரியைவிடக் கொஞ்சம் அதிகம்தான், அதை மறைக்கப் போவதில்லை. அதனால் "எல்லாம் கர்ப்பம்தான்" என்று சொல்வதற்கு முன்னால், அந்த 1.24 உண்மையா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மெஷின் பிளேட்லெட்டை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து எண்ணுவதில்லை. பெரும்பாலும் அளவை வைத்துத்தான் எண்ணுகிறது: சின்னதாக இருந்தால் பிளேட்லெட், பெரிதாக இருந்தால் சிவப்பணு. ஊதா மூடி போட்ட டியூபில் ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ என்ற உப்பு இருக்கிறது. சிலருடைய ரத்தத்தில் அந்த உப்பே பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும். இருபது முப்பது சேர்ந்த ஒரு கொத்தை மெஷின் பிளேட்லெட்டாகக் கணக்கில் எடுக்காது. சில நேரம் அதை வெள்ளை அணு என்றுகூட எண்ணிவைக்கும். நரம்பு கிடைக்காமல் மெதுவாக ரத்தம் எடுத்தாலோ, எடுத்தவுடன் டியூபை மேலும் கீழும் ஏழெட்டு முறை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காவிட்டாலோ, லேசாக உறைந்து இதே குழப்பம் வரும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். 34 வாரக் கர்ப்பிணி, வெளி லேபில் பிளேட்லெட் 62,000. வீட்டில் அழுகை, பிளேட்லெட் ஏற்றச் சொல்லி ஒரே அவசரம். எங்கள் டெக்னீஷியன் ஸ்மியர் போட்டுவிட்டு, "மேடம், ஓரத்தைப் பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார். ஸ்லைடில் ரத்தம் மெலிந்து முடிகிற வால் பகுதியில் ஊதா நிறத் தூளைக் கிள்ளிப் போட்டதுபோலத் திட்டுத் திட்டாகப் பிளேட்லெட் கொத்துகள். சிட்ரேட் இருக்கும் நீல மூடி டியூபில் மறுபடி எடுத்தோம். மெஷின் 1.81 லட்சம் காட்டியது. அந்த டியூபில் திரவம் கொஞ்சம் இருப்பதால் ரத்தம் நீர்த்துப்போகும், அதனால் 1.1 ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 1.99 லட்சம். ஒரு வியாதியும் இல்லை. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிளேட்லெட் குறைவு என்று வந்தால் ஸ்மியரை ஒருவர் கண்ணால் பார்த்தாரா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ரிப்போர்ட்டில் 'ஸ்மியரில் பிளேட்லெட் குறைவு உறுதி', 'கொத்துகள் இல்லை' என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லேபுக்கு போன் செய்து கேளுங்கள். நேற்றைய ஸ்லைடு இன்னும் அங்கேயே இருக்கலாம்.

எண் உண்மைதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் பக்கம் சாதகமாக நிறைய இருக்கிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் 1.92 இருந்தது, ஒரு லட்சத்துக்கு மேலேயே நிற்கிறது, பிபி நன்றாக இருக்கிறது. ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு, தோலில் சிவப்புப் புள்ளிகள் என்று நீங்கள் எதையும் எழுதவில்லை. இதைக் கர்ப்ப காலப் பிளேட்லெட் குறைவு என்கிறோம். குழந்தையின் பிளேட்லெட்டை இது பாதிப்பதில்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதற்குப் பெரும்பாலான மயக்க மருந்து டாக்டர்கள் எதிர்பார்ப்பது 70,000–80,000-க்கு மேல். நீங்கள் அதற்கு வெகுதூரம் மேலே இருக்கிறீர்கள். இதை ஏற்றுவதற்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை.

எதுவெல்லாம் இந்தச் சித்திரத்தைக் கலைக்கும் என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 11-வது வாரத்திலேயே 90,000 இருந்திருந்தால், உடலின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழிக்கிற ஐடிபி போன்றவற்றை நினைத்திருப்பேன். ஐடிபி குழந்தையின் பிளேட்லெட்டையும் தொடக்கூடியது என்பதால் குழந்தைகள் நல மருத்துவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, எண்ணைவிட இறங்குகிற வேகம். ஐந்து மாதத்தில் 1.92-லிருந்து 1.24-க்கு வந்தது ஒரு கதை. ஐந்தே நாளில் அப்படி இறங்கினால் அது முற்றிலும் வேறு கதை. பிபி 140/90-ஐத் தொட்டு, தலைவலி, கண் மங்கல், வலது மேல் வயிற்றில் வலி, வாந்தி என்று சேர்ந்து வந்தால் அது ப்ரீஎக்லாம்சியா அல்லது அதன் கடுமையான வடிவமான ஹெல்ப் என்கிற நிலையாக இருக்கலாம். அதில் சிவப்பணு உடைந்து, கல்லீரல் என்சைம் ஏறி, பிளேட்லெட் மணிக்கணக்கில் இறங்கும். அன்று ரிப்போர்ட்டில் 1.3 லட்சம் இருந்தாலும் நிம்மதி கொள்ளக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிபி சில நேரம் பெரிதாக ஏறாமலும் இது வரும். மேல் வயிற்று வலியை எட்டாம் மாதத்தில் வாயுத் தொல்லை என்று ஓம வாட்டர் கொடுத்து அனுப்பிவிடுவது நம் ஊரில் சகஜம். ஜாக்கிரதை.

டெங்கு பற்றிக் கேட்டீர்கள். காய்ச்சலே இல்லாமல், வெள்ளை அணு 13,400 இருக்கும்போது டெங்குவை நான் நினைக்கமாட்டேன். டெங்குவில் பிளேட்லெட்டுக்கு முன்னால் வெள்ளை அணுதான் இறங்கும். ஆனால் மழைக்காலத்தில் உங்களுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தால் இரண்டு விஷயத்தை நினைவில் வையுங்கள், இரண்டுமே கர்ப்பத்தால் மறைந்துபோகிறவை. அன்று வெள்ளை அணு 5,000 என்று வந்தால் ரிப்போர்ட் 'நார்மல்' என்று அச்சடித்துவிடும். 13,400 இருந்த உங்களுக்கு அது பெரிய வீழ்ச்சி. அதேபோல டெங்குவில் ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டு வெளியே கசிவதை, ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்று காட்டுகிற பிசிவி 20% ஏறுவதை வைத்துப் பிடிக்கிறோம். கர்ப்பிணியின் பிசிவி வழக்கமாக 30 என்றால், 36 என்பதே முழு 20% ஏற்றம். ஆனால் 36 என்பது ரிப்போர்ட்டில் அழகான நார்மலாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் பழைய ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள் என்கிறேன்.

பப்பாளி இலைச் சாறு: உங்களுக்கு டெங்கு இல்லை, ஏற்ற வேண்டிய எண்ணும் இல்லை. கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது என்று சொல்ல நல்ல ஆதாரமும் கிடையாது. மாமியாரோ பக்கத்து வீட்டு அக்காவோ அன்போடு அரைத்துக் கொண்டுவந்தால், டாக்டர் வேண்டாம் என்றார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

இப்போது அந்த "கொஞ்சம்தான் குறைவு" என்ற ஹீமோகுளோபின். இதிலும் நீர்த்துப்போவது உண்டு, அதை ஒரு கணக்காகப் பார்த்துவிடலாம். ஒரு பெண்ணின் உடலில் 4 லிட்டர் ரத்தம், அதில் இரண்டரை லிட்டர் பிளாஸ்மா, ஒன்றரை லிட்டர் சிவப்பணு, ஹீமோகுளோபின் 12.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலில் மொத்தம் 500 கிராம் ஹீமோகுளோபின். கர்ப்பத்தில் பிளாஸ்மா 45% கூடுகிறது, சிவப்பணு 25% தான் கூடுகிறது. ரத்தம் ஏறக்குறைய ஐந்தரை லிட்டராகிறது, ஹீமோகுளோபின் 625 கிராமாகிறது. உடலில் 125 கிராம் கூடியிருக்கிறது. ஆனால் லேபில் அளப்பது 100 மில்லிக்கு எவ்வளவு என்று. 625-ஐ 55-ஆல் வகுத்தால் 11.4. வளம் கூடி, எண் குறைந்துவிட்டது. ரத்தம் இப்படி இளகுவது நஞ்சுக்கொடி வழியாக எளிதாக ஓடவும், பிரசவத்தில் போகிற ரத்தத்தைத் தாங்கவும் உதவுகிறது.

ஆக, 12.5 இருந்தவர் 11.4-க்கு வந்தால் அது நீரின் வேலை. அதற்கும் கீழே, 11-க்குக் கீழே போனால் நீர் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. உலக சுகாதார நிறுவனம் நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் 10.5 வரை சலுகை தருகிறது. கடைசி மூன்று மாதங்களுக்குக் கோடு மறுபடி 11 தான். நீங்கள் 31-வது வாரம், 10.4. சலுகைக் காலம் முடிந்துவிட்டது.

இதைவிட முக்கியமான சாட்சி எம்சிவி, அதாவது ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன். ரத்தத்தில் தண்ணீர் கூடினால் எத்தனை சிவப்பணு என்பது குறையும், ஒவ்வொன்றின் பருமன் குறையாது. சாதாரணக் கர்ப்பத்தில் அது அப்படியே இருக்கும், அல்லது லேசாகக் கூடும். உங்களுக்கு 86-லிருந்து 78-க்கு இறங்கியிருக்கிறது. இரும்பு போதாமல் மஜ்ஜை சின்னச் சின்ன சிவப்பணுவாகச் செய்யத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பரம்பரையாக வருகிற தலசீமியா மைனர் என்றாலும் சிவப்பணு சின்னதாக இருக்கும், ஆனால் அது பிறவியிலேயே வருவது, 11-வது வாரத்திலேயே சின்னதாக இருந்திருக்கும். கர்ப்பத்தின் நடுவில் இறங்கியது இரும்புக் குறைவையே காட்டுகிறது. ரிப்போர்ட்டில் ஆர்டிடபிள்யூ என்று ஒன்று இருக்கும், சிவப்பணுக்கள் எவ்வளவு ஏற்றத்தாழ்வான அளவில் இருக்கின்றன என்பதற்கான எண். அதுவும் 15-ஐத் தாண்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் பார்த்தால் உறுதியாகிவிடும். கர்ப்பத்தில் 30-க்குக் கீழே என்றால் சேமிப்பு காலி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம், சிசேரியன் என்றால் ஒரு லிட்டர் வரை. 11.5-ல் போய்ப் படுப்பதற்கும் 9.5-ல் போய்ப் படுப்பதற்கும் வித்தியாசம் பெரிது. உங்களுக்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருக்கிறது, இரும்பு மாத்திரை வேலை செய்ய அது போதும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும் இருக்கிறது. ரத்தசோகை இல்லாதவருக்கு தினம் ஒன்று, உங்கள் நிலையில் வழக்கமாக இரண்டு. அளவை உங்கள் டாக்டரே முடிவு செய்யட்டும். "தினமும் சாப்பிடுகிறேனே, அப்புறம் ஏன் இறங்கியது?" என்றால், எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன். இரவு சாப்பிட்டதும் இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் கால்சியம் இரும்பை உள்ளே விடாது. காபி, டீயும் அப்படித்தான். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாற்றோடு அல்லது நெல்லிக்காயோடு சாப்பிட்டால் நன்றாக ஏறும். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகே போடுங்கள், கொஞ்சம் குறைவாக ஏறினாலும் நின்றுபோவதைவிட அது மேல். மலம் கறுத்தால் மாத்திரை உள்ளே போகிறது என்று அர்த்தம், பயப்பட வேண்டாம்.

அடுத்த சிபிசியை மூன்று வாரத்தில் எடுக்கலாம், முடிந்தால் அதே லேபில், ஸ்மியரோடு. அதற்குள் ஹீமோகுளோபின் ஒரு கிராமுக்கு அருகில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை போகவில்லை, அல்லது வேறு காரணம். அப்போது நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், 34 வாரத்துக்கு மேல் காத்திருக்க நேரமிருக்காது. பிளேட்லெட் 1.1-க்கு மேல் நின்றால் பிரசவம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். ஒரு லட்சத்துக்குக் கீழே வந்தால் கல்லீரல் பரிசோதனை, சிறுநீரில் புரதம் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள்.

குழந்தை பிறந்து ஆறு முதல் எட்டு வாரத்தில், தடுப்பூசிக்குப் போகிற நாளிலேயே, உங்களுக்கும் ஒரு சிபிசி எடுத்துவிடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பிளேட்லெட் 1.5 லட்சத்தைத் தாண்டித் திரும்பியிருந்தால் கர்ப்பம்தான் காரணம் என்பது அன்றைக்குத்தான் உறுதியாகும். திரும்பவில்லை என்றால் ரத்தநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எப்படியிருந்தாலும் அந்த ரிப்போர்ட்டை இந்த இரண்டோடும் சேர்த்து ஃபைலில் வையுங்கள். அடுத்த கர்ப்பத்திலும் பிளேட்லெட் இப்படி இறங்க வாய்ப்பு உண்டு, அப்போது முதலில் கேட்கப் போவது இந்த மூன்று காகிதத்தைத்தான்.